காணாமல் போன 1.6 சென்டிமீட்டர்

பதினோராம் வகுப்பு இயற்பியல் செய்முறைகளில் தனி ஊசலைவிட எளிமையாகத் தோன்றுவது எதுவும் இல்லை. ஒரு பித்தளைக் குண்டு, இரண்டு முழத்துக்கு மேல் நூல், நூலைக் கவ்விப் பிடிக்கப் பிளந்த தக்கை, ஒரு தாங்கி, ஸ்டாப் வாட்ச், மீட்டர் அளவுகோல். ஊசலின் நீளம் L, ஓர் அலைவுக்கு ஆகும் நேரம் T என்றால் புவியீர்ப்பு முடுக்கம் g = 4π²L/T². விடை 9.8 என்று மாணவர்கள் அத்தனை பேருக்கும் முன்கூட்டியே தெரியும். இந்தச் சோதனையின் சாபமே அதுதான். தெரிந்த விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, நேரத்தை எழுதிவிட்டு, குண்டை வெறுமனே ஆடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் திருவொற்றியூரில் இயற்பியல் ஆசிரியர். இந்தப் பதிவு இந்த ஆண்டு எங்களிடம் சேர்ந்த கஸ்தூரி என்ற மாணவியைப் பற்றியது. பெயரை மாற்றியிருக்கிறேன். அனுப்பம்பட்டு ரயில் நிலையத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கிராமத்துப் பெண். பத்தாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளியில் படித்தவள். அங்கே ஆய்வகம் என்பது ஓர் அலமாரி மட்டும்தான். கும்மிடிப்பூண்டி பாதை மின்சார ரயிலில் வந்து போகிறாள். ஸ்டாப் வாட்சைக் கையில் வாங்கியது எங்கள் ஆய்வகத்தில்தான் முதல் முறை. பொத்தானை அழுத்துவதற்கு முன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

தக்கையின் அடிவிளிம்பிலிருந்து 60, 80, 100 சென்டிமீட்டர் என்று நூலை அளந்து, ஒவ்வொரு நீளத்துக்கும் 20 அலைவுகளுக்கான நேரத்தை இருமுறை எடுத்துச் சராசரி போட்டாள். 60-க்கு 30.0 விநாடி, 80-க்கு 34.5, 100-க்கு 38.5. கணக்கிட்டபோது g முறையே 10.53, 10.61, 10.65 என்று வந்தது. பக்கத்து மேசையில் அதற்குள் வேலை முடிந்திருந்தது. அவர்கள் நோட்டில் 9.79, 9.80, 9.81 என்று முத்து முத்தாக எழுதப்பட்டிருந்தன.

அவள் என்னிடம் வந்தபோது கையில் ரப்பர் இருந்தது.

“சார், என் கை சரியில்லை போலிருக்கிறது. பொத்தானை முன்னதாகவே அழுத்திவிடுகிறேன். நேரத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதிக்கொள்ளட்டுமா?”

இப்படி வெளிப்படையாகக் கேட்பவர்கள் குறைவு. கூட்டி எழுதுபவர்கள் கேட்பதில்லை.

“எவ்வளவு கூட்ட வேண்டும் என்று முதலில் சொல்” என்றேன்.

உட்கார்ந்து கணக்குப் போட்டாள். 100 சென்டிமீட்டர் நீளத்துக்கு 9.8 வர வேண்டுமானால் 20 அலைவுகளுக்கு 40.1 விநாடி ஆக வேண்டும். அவளிடம் இருந்தது 38.5. ஒன்றரை விநாடிக்கு மேல் குறைகிறது.

“உன் விரல் ஒன்றரை விநாடி முந்துமா என்று பார்ப்போம். இன்னொரு வாட்சை எடுத்துக்கொண்டு நானும் உன்னோடு அளக்கிறேன்.”

ஒரே ஊசலை, ஒரே எண்ணிக்கையை, இருவரும் தனித்தனி வாட்சில் அளந்தோம். இருவருக்கும் இடையிலான வேறுபாடு ஒரு முறை 0.1 விநாடி, மறுமுறை 0.2. விரலால் வரும் பிழையின் அளவு அவ்வளவுதான். ஒன்றரை விநாடிப் பழியை அதன்மேல் போட முடியாது. நான் எண்ணவில்லை, அவள் ‘ஆரம்பம்’, ‘நிறுத்து’ என்று சொன்னபோது பொத்தானை மட்டும் அழுத்தினேன். குற்றவாளி எங்கே ஒளிந்திருக்கிறான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லவில்லை. “இதே நீளத்தில் 10 அலைவுகளுக்கும் அளந்துவிட்டு வா” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

10 அலைவுகளுக்கு 18.2 விநாடி.

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “20-க்கு 38.5 என்றால் 10-க்கு அதில் பாதி, 19.25 வர வேண்டும். ஏன் குறைகிறது, சார்?”

“முதல் பத்துக்கு 18.2. 38.5-இலிருந்து அதைக் கழித்தால் இரண்டாவது பத்துக்கு?”

“20.3.” பிறகு அவளாகவே, “முதல் பத்து இரண்டு விநாடி குறைவாக இருக்கிறது. இரண்டு விநாடி என்பது ஓர் அலைவு” என்றாள்.

அதற்குப் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குண்டை இழுத்து விட்டு எண்ணிக் காட்டினாள். விடும்போதே பொத்தானை அழுத்தி ‘ஒன்று’ என்றாள். குண்டு திரும்பி வந்தபோது ‘இரண்டு’. அங்கேயே நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

“எங்கள் ஊர்க் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை நிரப்பிக் கொட்டிய பிறகுதான், ‘ஒன்று’ என்பதற்குப் பதில் ‘லாபம்’ என்பார்கள். நான் வெறும் மரக்காலைக் கையில் எடுத்ததுமே லாபம் சொல்லிவிட்டேன்.”

அதாவது 20 என்று அவள் நிறுத்தியபோது முடிந்திருந்தவை 19 அலைவுகள். இந்தப் பிழை எனக்கு ஆண்டுதோறும் பழக்கம். இதைப் பிடிக்கும் வழியும் எளிது: ஒரே நீளத்தில் இரண்டு வெவ்வேறு எண்ணிக்கைகளுக்கு அளக்க வேண்டும். எண்ணிக்கைப் பிழை 10-இல் பத்து சதவீதமும் 20-இல் ஐந்து சதவீதமுமாகத் தெரியும். விரல் பிழையும் இப்படி மாறும் என்றாலும், அது ஓர் அலைவு நேரம் அளவுக்குப் பெரிதாக இருக்காது. தீர்வு, விடும்போது ‘சுழி’ என்று தொடங்குவது. இன்னும் நல்லது, குண்டை விட்டுவிட்டுச் சில அலைவுகள் சீராக ஓடவிட்டு, அது நடுக்கோட்டைக் கடக்கும் நொடியில் ‘சுழி’ சொல்லி அழுத்துவது. ஓரத்தில் குண்டு தயங்கி நிற்பதால் எப்போது திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. நடுவில் அது மிக வேகமாகப் போவதால் கடக்கும் கணம் கூர்மையாகத் தெரியும். ஊசலுக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் ஒரு செங்குத்துக் கோடு போட்டுக்கொண்டாள்.

மறுபடி அளந்தாள். இம்முறை 60-க்கு 31.5, 80-க்கு 36.3, 100-க்கு 40.5. விடைகள் 9.55, 9.59, 9.63.

முகம் முன்னைவிட வாடிவிட்டது. முதலில் மிகுதியாக வந்தது, இப்போது குறைவாக வருகிறது. “பிழையைத் திருத்திய பிறகும் தவறாகவே வருகிறதே. புத்தகத்தில் இருப்பதையே எழுதிவிடலாம் சார்.”

பிள்ளைகள் பெரும்பாலும் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஒரு பிழை இன்னொன்றை மறைத்துக்கொண்டிருக்கும். எண்ணிக்கைப் பிழை g-ஐப் பத்து சதவீதம் தூக்கியது. அதன் அடியில் வேறொன்று அதை இரண்டு மூன்று சதவீதம் இறக்கிக்கொண்டிருந்தது. முதல் பட்டியலை ரப்பரால் அழித்திருந்தால் இந்த இரண்டாவது கதை வெளியே வந்திருக்காது.

மூன்று விடைகளையும் வரிசையாகப் பார்க்கச் சொன்னேன். 9.55, 9.59, 9.63. நூல் நீள நீள விடை ஏறுகிறது. விரல் பிழை என்றால் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும், இப்படி ஏணி போட்டு ஏறாது. ஆனாலும் வேறுபாடு சிறியது. தற்செயல் என்று வாதாட இடமுண்டு. அதனால் நூலை 30 சென்டிமீட்டருக்குக் குறைத்து அளக்கச் சொன்னேன். பிழை எங்கே பெரிதாகத் தெரியுமோ அங்கே போய்ப் பார்ப்பதுதான் வழி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லி அனுப்பினேன். ஒரு மீட்டர் ஊசலை நான்கு விரல் அகலம் இழுத்துவிட்டால் கோணம் ஐந்து டிகிரிக்குள் இருக்கும். அதே அளவு 30 சென்டிமீட்டர் ஊசலை இழுத்தால் கோணம் பதினைந்து டிகிரியைத் தொடும். கோணம் கூடினால் அலைவு நேரம் கொஞ்சம் நீண்டு g குறைவாக வரும். அந்தக் குறைவும் குட்டை நூலில்தான் அதிகமாகத் தெரியும் என்பதால், நாம் தேடும் பிழையின் வேடத்திலேயே வந்து ஏமாற்றிவிடும். குட்டை நூலுக்கு ஒன்றரை விரல் அகலம் போதும். மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னேன். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வரும் என்பதால் கிழக்கு ஜன்னலையும் சாத்தினோம். ஆய்வகம் அடுப்படிபோல் ஆகிவிட்டது என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

30 சென்டிமீட்டருக்கு 22.6 விநாடி. g = 9.28.

இப்போது தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. அவளது நோட்டில் இருந்த பட்டியல் இது:

| நூல் நீளம் (செ.மீ.) | 20 அலைவுகள் (விநாடி) | T² | g (மீ/வி²) |
|---|---|---|---|
| 30 | 22.6 | 1.277 | 9.28 |
| 60 | 31.5 | 2.481 | 9.55 |
| 80 | 36.3 | 3.294 | 9.59 |
| 100 | 40.5 | 4.101 | 9.63 |

“குட்டை நூலை அதிகமாகவும் நீள நூலைக் குறைவாகவும் பாதிக்கிற பிழை எதுவாக இருக்கும்?” என்று கேட்டேன்.

யோசித்தாள். “எல்லா நீளத்திலும் ஒரே அளவு தப்பியிருந்தால்... 30-இல் ஒரு சென்டிமீட்டர் போவது பெரிய விஷயம். 100-இல் சின்ன விஷயம்.”

“எத்தனை சென்டிமீட்டர் தப்பியது என்பதை இந்த எண்களிடமே கேள்.”

வரைபடத் தாளில் கிடையாக நீளத்தையும், நெடுக்காக T²-ஐயும் குறித்தாள். நான்கு புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் நன்றாகவே உட்கார்ந்தன. பாடத்தின்படி அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போக வேண்டும். நீளம் இல்லாத ஊசலுக்கு அலைவு நேரமும் இல்லை. அவள் கோட்டைக் கீழே நீட்டியபோது அது ஆதிப்புள்ளியைத் தவறவிட்டு, நீள அச்சை இடப்பக்கம், சுழிக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று அப்பால் வெட்டியது. கணக்கிட்டுப் பார்த்தால் 1.6, 1.7 அளவில் வரும். ஒவ்வோர் அளவீட்டிலும் அவ்வளவு நீளம் கணக்கில் வராமல் போயிருக்கிறது என்று கோடு சொன்னது.

கோட்டின் சாய்வு இன்னொன்றையும் சொன்னது. நீளத்தில் ஒரு நிலையான துண்டு விடுபட்டால் கோடு முழுதாக நகருமே தவிர, அதன் சாய்வு மாறாது. 30-க்கும் 100-க்கும் இடையே T² கூடியது 2.824, நீளம் கூடியது 0.70 மீட்டர். சாய்விலிருந்து மட்டும் g-ஐக் கணக்கிட்டால் 9.79. தவறான நீளத்தை வைத்துக்கொண்டே சரியான g. இதை அவள் நம்பவில்லை, இரண்டு முறை கணக்குப் போட்டாள்.

அந்தத் துண்டு எங்கே போனது என்று நான் சொல்வதற்குள் அவள் குண்டைக் கையில் எடுத்துவிட்டாள். நூலின் முடிச்சு, குண்டின் கொக்கியில் இருக்கிறது. அவள் அளந்தது தக்கையிலிருந்து முடிச்சு வரை. ஊசலின் நீளம் என்பது தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. கொக்கியும் குண்டின் ஆரமும் விடுபட்டுப்போயின.

வெர்னியர் அளவியை எடுத்தாள். தாடைகளை மூடியபோது வெர்னியரின் மூன்றாவது கோடு முதன்மைக் கோல் கோட்டோடு பொருந்தியது. ஆக சுழிப்பிழை 0.03 சென்டிமீட்டர் கூடுதல். குண்டின் விட்டம் 2.23 என்று காட்டியது. 0.03-ஐக் கழித்தால் 2.20, ஆரம் 1.10. முடிச்சிலிருந்து குண்டின் மேற்பரப்பு வரை கொக்கி 0.5.

1.10-உம் 0.5-உம் சேர்ந்து 1.6.

கடிகாரத்தையும் நூலின் நீளத்தையும் மட்டும் கொண்டு வரைந்த ஒரு கோடு சொன்ன நீளமும், பித்தளையைத் தாடைகளில் பிடித்து அளந்த நீளமும் ஒன்றையொன்று நெருங்கி நின்றன. பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். “சார், இந்தக் கோட்டுக்குக் குண்டின் அளவு எப்படித் தெரிந்தது?” என்றாள். மணியடித்தது, ரயிலுக்கு ஓடிவிட்டாள்.

ஒவ்வொரு நீளத்திலும் 1.6 சேர்த்துக் கணக்கிட்டபோது 9.77, 9.80, 9.78, 9.78 என்று வந்தன. ஏணி போய்விட்டது, எஞ்சியது சாதாரணச் சிதறல். சராசரி 9.78. அடுத்த வாரம் அதிலும் ஒரு குறை கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள்: புத்தகத்தில் 9.8, பக்கத்து மேசையில் 9.80, தனக்கு மட்டும் ஏன் 9.78?

இரண்டு பதில் சொன்னேன். முதலாவது, கொஞ்சம் ஏமாற்றமானது. 40 விநாடியில் விரல் 0.1 விநாடி தப்பினால் g-இல் 0.05 வரை மாறிவிடும். அதனால் அவளது சராசரி 9.78 என்று காட்டினாலும், 9.78-க்கும் 9.80-க்கும் இடையே தீர்ப்புச் சொல்லும் தகுதி அந்த அளவீட்டுக்கு இல்லை.

இரண்டாவது பதில் நம் ஊர்க் கதை. g எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. சென்னை 13 டிகிரி அட்சத்தில் இருப்பதால் இங்கே சுமார் 9.783. இதே ஊரில் ஊசலைக் கொண்டு இந்த வேலையைச் செய்தவர் ஒருவர் உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம் 1821-இல் ஊசல் அளவீடுகள் எடுத்தார். விநாடிக்கு ஒரு பக்கம் ஆடும் ஊசலின் நீளம் லண்டனில் சுமார் 39.14 அங்குலம். அவருக்கு மதராஸில் கிடைத்தது சுமார் 39.03 அங்குலம். வேறுபாடு ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்று மில்லிமீட்டருக்குள். அவர் விரலை நம்பவில்லை. சோதனை ஊசலையும் கடிகாரத்தின் ஊசலையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்து, இரண்டும் எப்போது ஒன்றுபோல் கடக்கின்றன என்று பார்த்தார்கள்.

“நம்மிடம் அந்தக் கருவி இல்லை. ஆனால் எண்ணிக்கையைக் கூட்ட முடியும்” என்றேன். மற்றவர்கள் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் 101.6 சென்டிமீட்டர் ஊசலை 200 அலைவுகளுக்கு எண்ணினாள். ஒவ்வொரு பத்துக்கும் தாளில் ஒரு கோடு. நீளத்தை அளவுகோலின் தேய்ந்த முனையிலிருந்து எடுக்காமல் 10 சென்டிமீட்டர் கோட்டிலிருந்து எடுத்தாள். நூல் தளர்ந்திருக்கிறதா என்று முடிந்த பிறகும் ஒரு முறை சரிபார்த்தாள். எண்ணூர் பக்கம் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. எண்ணிக்கை விட்டுப்போய்விட்டதோ என்று பயந்தேன். 404.9 விநாடி. g = 9.79. கடைசி இலக்கத்தில் ஒன்று கூடவோ குறையவோ இருக்கலாம். 9.78-ஐ ஏற்றுக்கொள்ளலாம், லண்டனின் 9.81-ஐ ஏற்க முடியாது.

அவள் தன் அப்சர்வேஷன் நோட்டில் முதல் பட்டியலை அழிக்கவில்லை. ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் ‘19 அலைவுகள்’ என்று எழுதியிருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து, “எங்களுக்கு முதல் தடவையே 9.80 வந்துவிட்டது, நீ எதற்கு இவ்வளவு பாடுபடுகிறாய்?” என்று கேட்டாள். கஸ்தூரி அவர்கள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். அங்கேயும் நீளம் முடிச்சு வரைதான் அளக்கப்பட்டிருந்தது. 60 சென்டிமீட்டருக்கு 31.1 விநாடி என்று இருந்தது. ஒன்றும் சொல்லாமல் நூலை முடிச்சு வரை 60-க்கு வைத்து, வாட்சை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, “நீயே அளந்து பார், சுழியிலிருந்து எண்ணு” என்றாள்.

31.5.

மறுபடியும் அளந்தார்கள். 31.5.

“அப்படியானால் 31.1 எங்கிருந்து வந்தது?”

“போன வருட அக்கா ஒருவருடைய ரெக்கார்டில் இருந்தது.”

“அந்த அக்கா எதிலிருந்து எழுதினார்?”

அதற்கு அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. தன் மேசையில் இருந்த தாங்கியின் திருகைத் தளர்த்தி, தக்கையிலிருந்து நூலை உருவிக்கொண்டே, “வெர்னியரை இங்கே கொடு” என்றாள். கஸ்தூரி கொடுப்பதற்கு முன் தாடைகளை மூடிக் காட்டி, “இதில் 0.03 கழிக்க வேண்டும்” என்றாள்.